குழந்தை மூக்குப் பக்கத்துல தேன் கலர்ல பொருக்கு தட்டுன புண்ணா? இதைப் படிச்சிட்டு ஆயின்ட்மென்ட் வாங்குங்க

போன வாரம் ஓபி-ல ஒரு அம்மா. ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒன்னாம் நம்பர் பஸ் பிடிச்சு திருச்சி வந்திருந்தாங்க. இடுப்புல நாலு வயசுப் பையன், எடை 15 கிலோ. மூக்கைச் சுத்தி, கன்னம், கை, தொடைன்னு பத்துப் பன்னிரண்டு புண். அது மேல காவி வேற.

"அக்கின்னு சொன்னாங்க சார், எழுதிட்டு வந்தோம்."

அக்கி இல்லைங்க. அக்கி பெரும்பாலும் உடம்போட ஒரு பக்கத்துல பட்டையா வரும், எரிச்சலும் வலியும் இருக்கும். இது இம்பெட்டிகோ. தோல்ல பாக்டீரியா உண்டாக்குற புண். கொப்புளம் உடைஞ்சு, நீர் காய்ஞ்சு, தேன் கலர்ல பொருக்கு தட்டும். சொறியிற விரல் அடுத்து எங்க படுதோ அங்கயும் வரும்.

பத்து நாள் முன்னாடி மூக்குப் பக்கத்துல ரெண்டே புண்தான் இருந்திருக்கு. மெடிக்கல்ல கேட்டு ஒரு க்ரீம் போட்டிருக்காங்க. ட்யூபைப் பார்த்தேன். ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து, கூடவே ஸ்டீராய்டு. ரெண்டு நாள் சிவப்பு கம்மியாகும், அம்மாவும் சரியாகுதுன்னு நினைப்பாங்க. ஆனா ஸ்டீராய்டு அந்த இடத்துல எதிர்ப்பு சக்தியை அமுக்கிடும், கிருமி பரவும்.

அந்த ரெண்டு புண்ணோட வந்திருந்தா வாய்வழி மருந்தே தேவைப்பட்டிருக்காது. வெதுவெதுப்பான தண்ணியும் சோப்பும் வச்சு பொருக்கை ஊற வச்சு மெதுவா எடுத்துட்டு, முபிரோசின் 2% ஆயின்ட்மென்ட் மெல்லிசா, ஒரு நாளைக்கு மூணு வேளை, 5 நாள். அவ்வளவுதான். பொருக்கு மேலயே தடவுனா மருந்து உள்ள போகாது, இதைத்தான் நிறைய பேர் தப்பா பண்றாங்க.

இப்ப பல இடத்துல பரவியாச்சு. ஒவ்வொரு புண்ணுக்கும் தடவிட்டிருக்க முடியாது. அதனால செஃபலெக்சின் சிரப். கணக்கு எடையை வச்சுதான்: கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25லேர்ந்து 50 மில்லிகிராம். இந்தப் பையனுக்கு 5 மில்லியில 125 மில்லிகிராம் இருக்கற சிரப், 5 மில்லி வீதம் நாலு வேளை. நாளைக்கு 500, அதாவது கிலோவுக்கு சுமார் 33. மொத்தம் 7 நாள். உங்க குழந்தைக்கு அளவு வேற, இதை காப்பி அடிக்காதீங்க. பென்சிலின் அலர்ஜி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

"வீட்டுல அமாக்சிசிலின் இருக்கு, அதைக் கொடுக்கலாமா சார்?" வேண்டாம்மா. இந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ். அது அந்த மருந்தை உடைச்சிடும்.

ராத்திரி சொறியிறானா, வீட்ல வேற யாருக்காவது அரிப்பு இருக்கான்னு கேட்டேன். பாட்டிக்கும் இருக்காம். பையனோட விரல் இடுக்கைப் பார்த்தா சிரங்கு. அதுக்கு வீட்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல வைத்தியம் பண்ணலேன்னா, இந்தப் புண் திரும்பத் திரும்ப வரும். பெர்மெத்ரின் எழுதிக் கொடுத்தேன்.

மருந்து ஆரம்பிச்சு 24 மணி நேரம் ஆனதும் பால்வாடிக்கு அனுப்பலாம். 3 நாள்ல குறையலேன்னாலோ, காய்ச்சல் வந்தாலோ திரும்ப வரணும். புண் ஆறின பிறகும் சில வாரம் கவனிங்க: காலையில முகம் வீங்கினாலோ, யூரின் டீ டிகாக்‌ஷன் மாதிரி போனாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரி. அரிதாத்தான் வரும், ஆனா அது கிட்னி பாதிப்பு.