கூட்டுத்தொகை சரி, வரிகள் தவறு

சுங்கை பட்டாணியின் பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையில், ஒரு மரத்தளவாடத் தொழிற்சாலையின் இஆர்பி மென்பொருளில் ஆண்டறிக்கை வடிவங்களைச் சீர்செய்யப் போயிருந்தேன். பழைய பணப்புழக்க அறிக்கையைப் பார்த்த முதலாளி கேட்டார்: "ஏன்மா, லோரிக்கு நாம 120,000 ரிங்கிட் கட்டலையே, முன்பணம் மட்டும்தானே குடுத்தோம்?"

அவர் சொன்னதுதான் உண்மை. முன்பணம் 12,000. மீதி 108,000 தவணைக் கடன். அதில் ஆண்டு முடிவதற்குள் அசலில் 9,000 கட்டியிருந்தார்கள். அறிக்கையோ, ஒவ்வொரு கணக்குக் குழுவிலும் ஆண்டுத் தொடக்க இருப்புக்கும் இறுதி இருப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அப்படியே எடுத்திருந்தது. அதனால் முதலீட்டில் 120,000 வெளியே போனதாகவும், கடனாக 99,000 உள்ளே வந்ததாகவும் காட்டியது. உண்மையில் முதலீட்டுக்கு 12,000, கடனடைக்க 9,000 மட்டுமே போயிருந்தது. இரண்டு விதத்திலும் நிகரம் 21,000தான். வங்கி இருப்போடு கடைசி வரி ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பணம் கைமாறாத பரிவர்த்தனை பணப்புழக்க அறிக்கையில் வரக்கூடாது, குறிப்புகளில்தான் சொல்ல வேண்டும் என்பது, 2016 முதல் மலேசியத் தனியார் நிறுவனங்களுக்கு நடப்பில் உள்ள எம்பெர்ஸ் தரநிலையின் விதி. கணக்கு இருப்புக்கு அந்த வேறுபாடு தெரியாது, பதிவுக்குத்தான் தெரியும். ஆகவே லோரி வாங்கியதை இரண்டு பதிவுகளாகப் பிரித்தோம். 12,000 வங்கிப் பற்றுச்சீட்டு வழியே போனது. 108,000க்குத் தனிவகை ஜர்னல். பணப்புழக்க வடிவத்தில் அந்த வகை ஜர்னலை இரு குழுக்களிலிருந்தும் கழிக்கச் சொன்னோம். வாகனக் குழுவில் 12,000 நின்றது. கடன் குழுவில் 99,000 போய், 9,000 திருப்பிக் கட்டியதாக வந்தது.

அடுத்த சிக்கல் ஐந்தொகையில். மீதமுள்ள 99,000இல் அடுத்த 12 மாதங்களில் கட்ட வேண்டிய 21,000 நடப்புக் கடன். மீதி 78,000 நீண்டகாலக் கடன். இந்தப் பிரிவைத் தவணை அட்டவணை பார்த்து, ஆண்டு முடிவில் ஜர்னல் போட்டுத்தான் மாற்ற முடியும். ஐந்தொகையில் அவை இரண்டு குழுக்கள். பணப்புழக்கத்திலோ இரண்டும் ஒரே வரிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் கட்டாத 21,000 கட்டியதுபோலத் தெரியும்.

அங்கே நான் கற்றது இதுதான்: ஐந்தொகைக்காகக் கட்டிய குழு அமைப்பு பணப்புழக்கத்துக்கு அப்படியே உதவாது. ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு அறிக்கைகளிலும் எந்த வரி என்று தனித்தனியே குறிக்க வேண்டும். இப்போது நான் மொத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை. சொத்துக்காக வங்கிக் கணக்கிலிருந்து போன தொகைகளைக் கூட்டி, முதலீட்டு வரியோடு ஒப்பிடுகிறேன். மொத்தம் மறைத்த பிழையை இந்த ஒப்பீடு காட்டிவிடுகிறது.