நாலு கட்டமும் ஒரு கண்மாயும்

ஓய்வுக்குப் பிறகு எனக்கு வாய்த்த வேலைகளில் ஒன்று, நீர்நிலைப் பணிகளுக்கு உதவித்தொகை கொடுக்கும் ஓர் அறக்கட்டளைக்காக விண்ணப்பங்களைப் படித்துப் பார்ப்பது. நாங்கள் நாலு பேர். ஆளுக்கொரு மதிப்பெண் தாள் வரும். அதில் நாலு கட்டம்: பணி எவ்வளவு அவசியமானது, செய்து முடிக்க இயலுமா, கேட்கும் பணம் வேலைக்குப் பொருந்துகிறதா, செய்பவர்களுக்குத் திறன் உண்டா. கட்டத்துக்குப் பத்து, மொத்தம் நாற்பது. இருபத்தைந்து வாங்கினால் தேறிவிடலாம்.

இந்தக் கூட்டல் கணக்கில் எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. என்னவென்று சொல்ல, சிவகங்கை மாவட்டத்திலிருந்து வந்த ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்கிறேன்.

படித்த இளைஞர்கள் சிலர் சேர்ந்து அனுப்பியது. 12 ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள ஒரு கண்மாயை முழுவதும் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தூர்வார வேண்டும், 45 நாளில் முடிப்போம், 9,80,000 ரூபாய் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். படங்கள் அருமை. வெடித்துக் கிடக்கும் கண்மாய்த் தரையைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். குழுவில் ஒருவர் அவசியத்துக்குப் பத்துக்குப் பத்து போட்டுவிட்டார்.

நான் முதலில் எடுத்தது செலவுப் பக்கத்தை. என் வழக்கம் அது. ஆசையை முதல் பக்கத்தில் எழுதலாம், செலவுப் பக்கத்தில் வேலைதான் தெரியும். பொக்லைன் வாடகை 450 மணி நேரம், மணிக்கு 1,600 வீதம் 7,20,000. மீதி 2,60,000-இல் நிர்வாகச் செலவு ஒரு லட்சம், மரக்கன்று 60,000, குறும்படம் 60,000, தொடக்க விழாவும் பெயர்ப்பலகையும் 40,000. கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

இப்போது மண்ணின் கணக்கு. ஒரு ஹெக்டேரை ஒரு மீட்டர் வெட்டினால் 10,000 கன மீட்டர். 12 ஹெக்டேருக்கு 1,20,000. பெரிய பொக்லைன் தடையில்லாமல் ஓடினால் மணிக்குச் சுமார் 60 கன மீட்டர் அள்ளும் என்று வைத்தாலும், 450 மணிக்கு 27,000 கன மீட்டர்தான் ஆகிறது. சொன்ன வேலையில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது செலவும் நாள் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. இரண்டும் சேர்ந்து முதல் பக்கத்து வாக்குறுதியோடு ஒத்துப்போகவில்லை.

அந்தக் கால்வாசியாவது நடக்குமா? மண்ணை விவசாயிகளே தங்கள் டிராக்டரில் எடுத்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தார்கள். வண்டல் மண் வயலுக்கு நல்லது, முறையாக அனுமதி வாங்கிப் பலரும் எடுக்கிறார்கள். ஆனால் ஒரு டிராக்டர் டிரெய்லர் கொள்வது சுமார் ஒரு யூனிட், அதாவது 2.83 கன மீட்டர். மணிக்கு 60 கன மீட்டர் என்றால் 21 நடை. ஏற்றி, வயலில் கொட்டித் திரும்ப 40 நிமிடம் ஆகுமென்றால், இயந்திரம் சும்மா நிற்காமல் இருக்கப் பதினான்கு டிராக்டர் சுற்ற வேண்டும். போய் விசாரித்ததில் அந்த ஊரில் இருந்தது ஐந்து. இயந்திரம் மூன்றில் இரண்டு பங்கு நேரம் காத்து நிற்கும். வாடகை மட்டும் காத்து நிற்காது.

இன்னொன்று. பொதுப்பணித் துறைக்கு எழுதிய அனுமதிக் கடிதத்தின் நகலை இணைத்திருந்தார்கள். கண்மாயின் ஆயக்கட்டு 38 ஹெக்டேர். 40 ஹெக்டேருக்குக் கீழே ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கடிதம் போன வாசலே வேறு.

ஊருக்குப் போனதில்தான் பெரிய விஷயம் தெரிந்தது. மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் பெரியவரிடம், கண்மாய் கடைசியாக எப்போது மறுகால் போனது என்று கேட்டேன். தூர்வார விண்ணப்பம் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. "பத்து வருசத்துல ரெண்டு தடவை ஐயா. மத்த வருசமெல்லாம் பாதி கூட ஏறல. குழியப் பெருசாக்கி என்ன செய்ய, தண்ணி வர்ற வழியில்ல அடைச்சுக் கிடக்கு?" என்றார். மூன்று கிலோமீட்டர் வரத்துக் கால்வாய். நடந்து பார்த்தேன். சீமைக்கருவேலம் மூடி, இரண்டு இடங்களில் வரப்பு நகர்ந்து வந்து, பாதி அகலம்கூட இல்லை. விண்ணப்பத்தில் அந்தக் கால்வாய்க்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை.

இருக்கிற கொள்ளளவே நிரம்பாத கண்மாயை ஆழப்படுத்தினால் கூடுதல் தண்ணீர் வந்துவிடாது. போதாக்குறைக்கு, மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. ஆடுமாடு குடிக்கலாம், கிணறு ஊறலாம், அதுவும் பயன்தான். ஆனால் அவர்கள் எழுதியிருந்தது 38 ஹெக்டேருக்கும் இரண்டாம் போகம் என்று.

இந்தப் பிள்ளைகள் ஏமாற்றுக்காரர்களா என்றால், இல்லவே இல்லை. மூன்று வருடம் முன்பு அவர்கள் சீர்செய்த ஓர் ஊருணியைப் போய்ப் பார்த்தேன். ஒரு ஹெக்டேருக்கும் குறைவு. கரையில் முள் இல்லை, தண்ணீர் கிடந்தது, ரசீதெல்லாம் வரிசையாகக் கோப்பில் இருந்தது. திறன் கட்டத்துக்கு நான் பார்ப்பது இதைத்தான், பட்டங்களை அல்ல. ஆனால் முழுநேரப் பொறுப்பாளர் என்று பெயர் போட்டிருந்தவர் பெங்களூரில் வேலையில் இருந்தார். 45 நாளும் களத்தில் நின்று நடை எண்ணப்போவது யார் என்பதற்கு விண்ணப்பத்தில் விடை இல்லை.

நாலு பேர் தாளையும் சராசரி பார்த்தால் 27 வந்தது. அவசியத்துக்கும் திறனுக்கும் கிடைத்த மார்க் மற்ற இரண்டையும் தூக்கிவிட்டது. விதிப்படி கொடுத்துவிடலாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. செய்ய இயலாத வேலைக்கு அவசியம் பத்து என்பதால் என்ன லாபம்? எந்தக் கட்டத்திலும் ஐந்துக்குக் கீழே போனால், மொத்தம் எத்தனை இருந்தாலும் திருத்திவரச் சொல்ல வேண்டும் என்றேன். இரண்டு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு திருப்பி அனுப்பினோம்.

அந்தப் பையன் தொலைபேசியில் கோபப்பட்டான். "சார், ஊர்ல தூர்வாரப் போறோம்னு சொல்லிட்டோம். இப்ப எந்த முகத்தோட போறது?" நியாயமான வருத்தம். அந்த வெயில் காலம் போனால் வடகிழக்குப் பருவமழை முடிந்து, கண்மாய் வற்றி, அடுத்த கோடையில்தான் கை வைக்க முடியும். ஒரு வருடம் போனது உண்மை. பெரியவரோடு கால்வாய் முழுதும் ஒரு தடவை நடந்துவிட்டு எழுதுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

நடந்திருக்கிறார்கள். மறுபடி வந்த விண்ணப்பத்தில் கால்வாய்க்கு 120 மணி நேர இயந்திரம் 1,92,000, இரண்டு மடைகளையும் பழுதுபார்க்க 1,60,000, மடைவாயில் படிந்த மண்ணை மட்டும் அள்ள 96,000, நிர்வாகம் 40,000. மொத்தம் 4,88,000. முன்பு கேட்டதில் பாதி. களப்பொறுப்பு உள்ளூர் ஆயக்கட்டுதாரர் ஒருவருக்கு. ஒன்றியத்தின் அனுமதியும் இருந்தது. ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரம் வருவாய்த் துறைக்குத்தானே தவிர நமக்கோ அவர்களுக்கோ கிடையாது. ஆகவே சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகே முதல் தவணை என்று நிபந்தனை போட்டோம். கல் நட நாலு மாதம் ஆயிற்று.

வேலை முடிந்த அந்த மழைக்குக் கண்மாய் முக்கால் ஏறியது. குழுவில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த வருடம் மழையே அதிகமாகவும் இருந்திருக்கலாம் இல்லையா? அதனால் வேலை எதுவும் நடக்காத பக்கத்துக் கண்மாயிலும் ஓர் அளவுக்கம்பு நடச் சொன்னேன். பெரியவர் இரண்டையும் வாரம் ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதுகிறார். பக்கத்துக் கண்மாய் அந்த மழைக்குப் பாதிதான் ஏறியிருந்தது. ஒரு வருடக் கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இன்னும் இரண்டு மழையாவது பார்க்க வேண்டும். இதற்குள் கால்வாயில் சீமைக்கருவேலம் முழங்கால் உயரம் துளிர்த்துவிட்டதாம். மீன் குத்தகைப் பணத்தில் வெட்டிக்கொள்வதாக ஆயக்கட்டுதாரர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குத்தகை ஏலம் வருகிற மாதம்.