பாலத்துக் கனவும் ஒரு ரோஸ் கலர் ரசீதும்

கொஞ்சம் நீளமான பதிவு. கோவில் வேலையெல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, தூக்கம் வராம எழுதுறேன். பொறுமையா படிங்க.

நான் ஜொகூர் பாருவில் இருக்கேன், வேலை சிங்கப்பூர்ல. பதினாறு வருஷமா தினமும் காலையில நாலு நாலரைக்கு மோட்டார்ல பாலத்தைக் கடக்கிறவன். கடப்பிதழைக் காட்டுறதும், கதவு திறக்கிறதும், அந்தப் பக்கம் கட்டைவிரலை வைக்கிறதும் எனக்குப் பல் விளக்குற மாதிரி. யோசிச்சுச் செய்யுற வேலை இல்ல.

ஆனா ஒரு கனவு மட்டும் சில வருஷமா திரும்பத் திரும்ப வருது.

கனவுல அதே பாலம்தான். மழைத் தூறல், பின்னால ஆயிரம் மோட்டார். எனக்கு மட்டும் கதவு திறக்கல. "கவுண்டருக்குப் போ" னு கை காட்டுறாங்க. கண்ணாடிக்குப் பின்னால ஒரு அதிகாரி. முகம் சரியா தெரியாது. கடப்பிதழைக் கொடுக்கிறேன், புரட்டிப் பார்த்துட்டுத் தள்ளிவிடுறார். நீல ஐசியைக் கொடுக்கிறேன், அதையும் தள்ளிவிடுறார். "சூராட் பெரானாக்?" னு கேக்குறார். பிறப்புப் பத்திரமும் கையில இருக்கு, கொடுக்கிறேன். தலையை ஆட்டுறார். திரும்பிப் பார்த்தா வந்த வழியும் மூடியிருக்கு. அந்தப் பக்கமும் போக முடியாது, இந்தப் பக்கமும் வர முடியாது. கீழ கடல் தண்ணி.

கடைசியா சட்டைப் பையில கைவிட்டா ஒரு காகிதம் வருது. நம்ம கோவில் ரசீது. ரோஸ் கலர். என் கையெழுத்து. அதை அவர் மட்டும் ரொம்ப நேரம் படிக்கிறார். அப்புறம் சொல்வார்: "இது செல்லாது."

அதோட முழிச்சுக்குவேன். எழுந்து போய் அலமாரியைத் திறந்து கடப்பிதழ் இருக்கான்னு தொட்டுப் பார்ப்பேன். வீட்டுக்காரி முதல்ல பயந்தாங்க, இப்போ பழகிடுச்சு.

இந்தப் பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கு ஓரளவு தெரியும். பாதி எங்க அப்பாகிட்ட இருந்து. அவர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவர். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவங்க வேலை செய்ய பெர்மிட் எடுக்கணும்னு வந்தப்போ, பக்கத்து லயத்துல இருந்தவங்க மூட்டை கட்டிக்கிட்டு ரஜுலா கப்பல் ஏறிப் போனதை அவர் கண்ணால பார்த்தவர். அப்பாகிட்ட பத்திரம் சரியா இருந்ததால தப்பிச்சார். சாகும்வரைக்கும் எல்லாப் பத்திரத்தையும் ஒரு பிஸ்கட் டின்ல போட்டு, தலைமாட்டுலதான் வெச்சிருந்தார். "கடுதாசி பத்திரம்டா" ங்கிறதுதான் அவர் எங்களுக்குச் சொன்ன ஒரே புத்திமதி.

மீதிப் பாதி அந்த ரசீதுல இருந்து. அதைத்தான் இன்னைக்குச் சொல்ல வந்தேன்.

2003-ல நம்ம கோவில்ல ஒரு கல்யாணம். அப்போ நான் அலுவலகத்துல ரசீது எழுதுற தொண்டர். மாப்பிள்ளைக்கு நீல ஐசி. பொண்ணுக்கு ஐசியே இல்ல. தோட்டத்துல 1980-ல பிறந்தவங்க, லயத்துல மருத்துவச்சி பார்த்த பிரசவம். கிராணி பதிஞ்சிடுவார்னு வீட்டுல நெனச்சாங்க, வீட்டுல பதிஞ்சிடுவாங்கன்னு கிராணி நெனச்சாரோ என்னவோ. அப்புறம் தோட்டம் கைமாறிச்சு, லயத்தை உடைச்சாங்க, ஆளாளுக்கு ஒரு பக்கம் போயிட்டாங்க. பத்திரம் இல்லாமலே அந்தப் பொண்ணு வளர்ந்துடுச்சு.

ஐசி இல்லாம கல்யாணத்தைப் பதிவு செய்ய முடியாது. இது எனக்கு அப்பவே தெரியும். ஆனா ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் வந்து, "தம்பி, நல்ல நாள் தவறிடும். அம்மன் சந்நிதியில தாலி ஏறட்டும், பதிவெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" னாங்க. நானும் சரின்னு ரசீது கிழிச்சுக் கொடுத்தேன். மணவறை வாடகை, பூஜைச் செலவு, தேதி, என் கையெழுத்து. பந்தியில நான்தான் சாம்பார் ஊத்தினேன். நல்ல காரியம் செஞ்சதாத்தான் நெனச்சேன்.

பதினாலு வருஷம் கழிச்சு, 2017-ல, அந்த அம்மா ஒரு வெள்ளிக்கிழமை மகளைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. பொண்ணுக்கு வயசு 13. பன்னிரண்டு வயசுல எல்லாப் பிள்ளைங்களும் ஐசி எடுத்தாச்சு, இவளுக்குக் கொடுக்கல. பிறப்புப் பத்திரத்தை நீட்டினாங்க. அப்பா பேர் இருக்கு, அவரோட நீல ஐசி எண் இருக்கு. ஆனா குடியுரிமை நிலைங்கிற இடத்துல "புக்கான் வார்கநெகாரா" னு அச்சடிச்சிருக்கு. குடிமகள் அல்ல.

"அண்ணே, இந்த ஊர்லதானே பிறந்தா? அவ அப்பா இந்த நாட்டுக்காரர்தானே? அப்புறம் ஏன்ணே?" னு கேட்டாங்க. பையில இருந்து எல்லாக் காகிதத்தையும் எடுத்து மேசையில பரப்பினாங்க. அதுல பத்திரமா பிளாஸ்டிக் உறையில போட்டு வெச்சிருந்தாங்க, அந்த ரோஸ் கலர் ரசீதை. "நாங்க முறையா கல்யாணம் பண்ணினதுக்கு இதுதான்ணே சாட்சி."

எனக்கு அங்கேயே பூமி பிளந்த மாதிரி ஆச்சு.

விஷயம் இதுதான். முஸ்லிம் அல்லாதவங்க கல்யாணத்துக்கான புதுச் சட்டம் இந்த நாட்டுல 1982 மார்ச் 1-ல நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னால நம்ம வழக்கப்படி கோவில்ல தாலி கட்டியிருந்தா அந்தக் கல்யாணம் செல்லும். அதுக்குப் பிறகு பதிவு செஞ்சாத்தான் சட்டத்துக்குக் கல்யாணம். பதிவு இல்லாத தம்பதிக்குப் பிறக்கிற பிள்ளை, குடியுரிமை விஷயத்துல அம்மாவோட நிலையைத்தான் எடுத்துக்கும். அப்பாவோட நீல ஐசி அங்கே எண்ணிக்கையில வராது. அம்மாவுக்கோ எந்த நிலையும் காகிதத்துல இல்ல. அதனால மகளுக்கும் இல்ல. பின்னால போய்க் கல்யாணத்தைப் பதிவு செஞ்சாலும், பிறந்தப்போ இருந்த நிலை தானா மாறிடாது.

அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசல. வெளியில வந்து செருப்பு மாட்டும்போது மட்டும் கேட்டா: "மாமா, பள்ளிக்கூடத்துல சிங்கப்பூர் மிருகக்காட்சி சாலைக்குப் போறாங்க. டீச்சர் என்னை வர முடியாதுன்னுட்டாங்க. கடற்கரையில நின்னா தெரியுற ஊருதானே? நான் எந்த ஊரு மாமா?"

அன்னைக்கு ராத்திரிதான் முதல் தடவை அந்தக் கனவு வந்துச்சு.

அப்புறம் என்ன செஞ்சோம்னு சொல்றேன், யாருக்காவது உதவும். விவரம் தெரிஞ்ச ஒரு வழக்கறிஞர் தங்கச்சி சொன்ன முதல் வார்த்தை: "மகளை விடுங்க. முதல்ல அம்மா." மகளுக்கு நேரா மனு போட்டு வருஷக்கணக்கா காத்திருக்கிற குடும்பம் நிறைய. ஆனா இங்கே முடிச்சு அம்மாகிட்ட இருக்கு. அந்த அம்மாவோட பெத்தவங்க ரெண்டு பேரும் குடிமக்கள். அவங்க கல்யாணம் 1970-கள்ல, தோட்டத்து மாரியம்மன் கோவில்ல. 1982-க்கு முன்னால, அதனால அது செல்லும். அப்படின்னா இந்த அம்மா பிறக்கும்போதே குடிமகள்தான். பதியலைங்கிறது மட்டும்தான் குறை. அம்மாவோட பிறப்பைத் தாமதமா பதிஞ்சு, அவங்க குடிமகள்னு நிரூபிச்சா, மகளோட வழக்கு தன்னால வலுவாகும்.

யோசிச்சுப் பாருங்க. பாட்டிக்கு ஏறின தாலியும் மகளுக்கு ஏறின தாலியும் ஒரே மஞ்சள் கயிறுதான். ஒண்ணு செல்லும், ஒண்ணு செல்லாது. நடுவுல ஒரு தேதி.

ஆதாரம் தேடத்தான் அலைஞ்சோம். பெத்தவங்க ரெண்டு பேரும் இல்ல. மருத்துவச்சியும் போய்ச் சேர்ந்தாச்சு. தோட்டம் இருந்த இடத்துல இப்போ வீடமைப்பு. ரெண்டு காகிதம்தான் காப்பாத்துச்சு. ஒண்ணு, அந்த அம்மாவோட அண்ணன் பிறப்புப் பத்திரம். அவருக்கு மட்டும் பதிஞ்சிருந்தாங்க. அதுல அதே அப்பா, அதே அம்மா, அதே தோட்டம், அப்பாவோட ஐசி எண். ரெண்டாவது, தமிழ்ப்பள்ளிப் பதிவேடு. தோட்டத்துப் பள்ளி வேற இடத்துக்கு மாறினப்போ பழைய பதிவேடுகளையும் கொண்டு போயிருக்காங்க. முதலாம் வகுப்புல சேர்ந்த தேதியோட அந்த அம்மா பேரும் அவங்க அப்பா பேரும் மை மங்கி இருந்துச்சு. அதோட, அதே லயத்துல இருந்த ஒரு பாட்டி வந்து சத்தியப் பிரமாணம் கொடுத்தாங்க. பிரசவத்தன்னைக்கு வெந்நீர் வெச்சது நான்தான்னு சொல்லி அழுதாங்க.

2018-ல மனு. நேர்காணல், அப்புறம் மறுபடியும் நேர்காணல், நடுவுல பெருந்தொற்று. 2022-ல அந்த அம்மாவுக்குப் பிறப்புப் பத்திரம் வந்துச்சு, பிறகு நீல ஐசி. நாப்பத்திரண்டு வயசுல. கோவிலுக்கு வந்து அம்மன் பாதத்துல வெச்சு எடுத்தாங்க. அப்புறம் என்கிட்ட காட்டினாங்க. போட்டோவுல சிரிக்கக்கூடத் தெரியாம முழிச்சுக்கிட்டு இருக்காங்க.

மகளோட கோப்பு இன்னும் உள்ளேதான் இருக்கு. அம்மாவோட புதுப் பத்திரத்தை வெச்சு மறுபடியும் மனு போட்டாச்சு. அவ இப்போ பெரிய பொண்ணு. நல்ல மார்க் எடுத்தும் மேல படிக்க இடம் கிடைக்கல. பூக்கடையில மாலை கட்டுறா. காய்ச்சல்னு அரசாங்க மருத்துவமனைக்குப் போனா வெளிநாட்டார் கட்டணம். போலீஸ் சாலைத் தடுப்பைப் பார்த்தா வேற வழியா சுத்திப் போறா. எனக்கு ராத்திரி ரெண்டு நிமிஷம் வர்ற கனவு, அவளுக்குப் பகல் முழுக்க.

யாரையும் குறை சொல்ல எழுதல. கண்ணாடிக்குப் பின்னால இருந்த அந்த அதிகாரி முகம் யாருதுன்னு இப்போ எனக்குத் தெரியும், அதான் எழுதுறேன். ரசீது எழுதின மேசையில உக்காந்திருந்தவன் நான். அன்னைக்கே, "தங்கச்சி, முதல்ல உன் பிறப்பைப் பதிவோம், ஐசி எடுப்போம், அப்புறம் கல்யாணத்தைப் பதிஞ்சு தாலி கட்டலாம். நான் கூட வரேன்" னு சொல்லியிருந்தா, ஒரு முகூர்த்தம்தான் தவறியிருக்கும்.

நிர்வாகத்துல பேசி, இப்போ நம்ம கோவில்ல பதிவுச் சான்று பார்க்காம கல்யாணத் தேதி கொடுக்கிறது இல்ல. சிலர் கோவிச்சுக்கிறாங்க. "சாமி முன்னால காகிதம் எதுக்கு" னு கேக்குறாங்க. ஐசி இல்லைன்னு யாராவது சொன்னா திருப்பி அனுப்பிடாம உக்கார வெச்சு, அண்ணன் தம்பி பத்திரம் இருக்கா, எந்தப் பள்ளியில படிச்சீங்க, பிரசவம் பார்த்தவங்க யாராவது உயிரோட இருக்காங்களான்னு கேக்குறோம். அந்த மூணு கேள்வியில இருந்துதான் எல்லாம் தொடங்குது.

இதைப் படிக்கிறவங்க ஒரு காரியம் செய்யுங்க. உங்க பிள்ளைங்க பிறப்புப் பத்திரத்தை எடுத்து, குடியுரிமை நிலைங்கிற வரியைப் பாருங்க. அக்கம்பக்கத்துல பழைய தோட்டத்துக்காரங்க இருந்தா அவங்களையும் பார்க்கச் சொல்லுங்க. சாட்சி சொல்ல வேண்டிய பாட்டிகளுக்கு வயசாகிக்கிட்டே போகுது.

மணி ஒண்ணு ஆகப்போகுது. நாலு மணிக்கு எழுந்து பாலத்துக்குப் போகணும். எனக்குக் கதவு திறக்கும்.

அவளுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கோங்க.