இருபது நிமிடமும் உம்மாவின் கேள்வியும்

வாய்மொழிப் பரீட்சைக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. வீட்டு மண்டபத்தில் லெப்டொப்பை மேசையில் வைத்து, உம்மாவைக் கதிரையில் அமர்த்தி, என் முதுதத்துவமாணி ஆய்வேட்டை முதல் முறையாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்குத் தரப்பட்டிருந்தது இருபது நிமிடம். என்னிடம் இருந்ததோ 46 ஸ்லைட்டுகள். கைபேசியில் மணி அடித்தபோது நான் 19ஆவது ஸ்லைட்டில், மற்றவர்கள் எழுதிய நூல்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். நான் கண்டுபிடித்த எதையும் இன்னும் சொல்லத் தொடங்கவே இல்லை.

என் ஆய்வு எங்கள் கிண்ணியாவைப் பற்றியது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, திருகோணமலை நகருக்கு நாங்கள் பாதையில் ஏறித்தான் கடலைக் கடந்தோம். 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் வந்ததும் பெண்களின் போக்குவரத்து எப்படி மாறியது என்று 30 பெண்களிடம் கேட்டு எழுதினேன். சின்ன வயதில் நானும் பாதைக்காகக் கரையில் காத்து நின்றவள்தான். அதனால் சொல்ல எனக்கு ஏராளம் இருந்தது. அதுவே என் பிரச்சினையாகவும் போயிற்று.

ஆய்வேட்டில் ஆறு அத்தியாயங்கள் இருந்தன. நான் ஒவ்வொன்றையும் சுருக்கி ஸ்லைட் ஆக்கியிருந்தேன். பரீட்சகர்கள் ஆய்வேட்டை முழுதாக வாசித்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் வாசித்தவர்களுக்கே அதை மறுபடி வாசித்துக் காட்டப் போயிருக்கிறேன். மேற்பார்வையாளரிடம் இதைச் சொன்னேன். அவர் ஸ்லைட்டுகளைப் பார்க்கவே இல்லை. "உங்கட முடிவை ஒரே வசனத்தில எழுதிக்கொண்டு வாங்க. பிறகு அந்த வசனத்தை நம்புறதுக்கு அவங்களுக்கு என்னென்ன தேவையோ, அதை மட்டும் வையுங்க" என்றார்.

அன்றிரவு எழுதினேன்: 'பாலம் வந்ததால் பெண்கள் நகருக்குப் போவது பெருகியது.' உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மீனை அரிந்துகொண்டே சொன்னார்: "அது சரி மகள். ஆனா அந்த வருசம்தானே சண்டையும் முடிஞ்சது. சனம் போனது பாலத்தாலயா, சண்டை இல்லாததாலயா?"

எனக்குப் பதில் வரவில்லை. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. ஐந்து மாதத்தில் பாலம் திறந்தது. சோதனைச் சாவடிப் பயம் குறைந்ததும் பாதைக்குக் காத்திருப்பது நின்றதும் ஏறக்குறைய ஒரே காலத்தில். இரண்டு காரணங்கள் ஒன்றாக வந்தால் விளைவை ஒன்றின் பெயரில் மட்டும் எழுத முடியாது. ஆய்வேட்டின் ஒரு மூலையில் இதை இரண்டு வரியில் நான் குறிப்பிட்டிருந்தேன். 46 ஸ்லைட்டுகளில் அது எங்கேயும் இல்லை. பரீட்சகர் ஒருவர் இதைக் கேட்டிருந்தால் நான் அந்த இடத்திலேயே தடுமாறியிருப்பேன்.

அடுத்த இரண்டு நாளும் ஸ்லைட்டைத் தொடவில்லை. பெண்கள் சொன்னவற்றைத் துண்டுக் காகிதங்களில் எழுதித் தரையில் பரப்பினேன். பாலத்தோடு மட்டுமே இணைக்கக்கூடியவை ஒரு பக்கம். யுத்தம் முடிந்ததாலும் நடந்திருக்கக்கூடியவை மறுபக்கம். 'இப்ப அடிக்கடி போறம்' என்பதெல்லாம் இரண்டாம் பக்கம் போனது. 'கடைசிப் பாதையை விட்டிருவமோ என்ற பயம் இல்ல', 'பின்னேர வகுப்பு முடிய நின்டு வரலாம்' என்பவை முதல் பக்கத்தில் நின்றன. அந்தப் பக்கம் சிறியது, ஆனால் உறுதியானது. என் வசனத்தை மாற்றினேன்: 'பாலத்தால் உண்டானது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது, பெண்கள் வீடு திரும்பும் நேரத்தில் ஏற்பட்ட மாற்றம்.' முந்தியதைவிடச் சின்ன முடிவுதான். ஆனால் என்னால் காப்பாற்றக்கூடிய முடிவு.

அந்த வசனத்திலிருந்து பின்னோக்கிக் கட்டினேன். கேள்வியைச் சொல்ல இரண்டு நிமிடம். முன்னைய ஆய்வுகள் எதைக் கேட்காமல் விட்டன என்பதற்கு இரண்டு. 30 பெண்களை எப்படித் தெரிந்தேன், என்ன கேட்டேன் என்பதற்கு நான்கு. கண்டவற்றுக்கு ஏழு. யுத்தம் பற்றிய கேள்விக்கும் ஆய்வின் எல்லைகளுக்கும் மூன்று. முடிவுக்கு இரண்டு. தலைப்போடு சேர்த்து மொத்தம் 12 ஸ்லைட்டுகள். வீட்டில் 18 நிமிடத்தில் முடியும்படி பழகினேன். தண்ணீர் குடிக்கவும், ப்ரொஜெக்டர் மக்கர் பண்ணினால் சமாளிக்கவும் இரண்டு நிமிடம் வேண்டும்.

தலைப்புகளையும் மாற்றினேன். முதலில் 'அறிமுகம்', 'முறையியல்', 'பெறுபேறுகள்' என்று போட்டிருந்தேன். அவற்றை யாருடைய ஆய்வுக்கும் ஒட்டலாம். இப்போது ஒவ்வொரு தலைப்பும் ஒரு முழு வசனம்: 'கடைசிப் பாதையின் நேரமே பெண்களின் நாளைத் தீர்மானித்தது.' சரிபார்க்க ஒரு வழி கண்டேன். ஸ்லைட்டின் கீழ்ப்பகுதியைக் காகிதத்தால் மறைத்து, தலைப்புகளை மட்டும் உம்மாவுக்கு வரிசையாக வாசித்தேன். கதை விளங்கினால் ஒழுங்கு சரி. ஏழாவதும் எட்டாவதும் இடம் மாறியிருப்பதை அவர்தான் பிடித்தார்.

வெட்டிய ஸ்லைட்டுகளில் ஐந்தை மட்டும் கடைசி ஸ்லைட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கேட்டால் மட்டும் காட்டுவதற்கு. எந்தக் கேள்விக்கு எத்தனையாவது ஸ்லைட் என்று ஒரு சிறு அட்டையில் குறித்துக்கொண்டேன்.

பரீட்சை நாளில் தலைவரோடு இரண்டு பரீட்சகர்கள் இருந்தனர். மேற்பார்வையாளர் ஓரமாகப் பேசாமல் இருந்தார். யுத்தம் பற்றிய பகுதிக்கு வந்தபோது, 'என் தரவுகளால் பிரிக்க முடியாதவை இவை' என்று நானே சொன்னேன். வெளிவாரிப் பரீட்சகர் தம் குறிப்பில் எதையோ வெட்டினார். தாம் கேட்க எழுதி வைத்திருந்த கேள்வியாக இருக்க வேண்டும். பிறகு அதற்கும் அப்பால் போனார்: "பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் என்ன செய்திருப்பீர்கள்?" யுத்தத்தையும் சாவடிகளையும் அனுபவித்த, ஆனால் நகருக்குத் தரைவழியாகவே போகக்கூடிய ஊர்ப் பெண்களிடமும் இதையே கேட்டிருக்க வேண்டும் என்றேன். "எந்த ஊர்?" என்றார். நிலாவெளி என்றேன். அதை நான் செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மற்றவர் கேட்டது கடினமானது. "இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர்கள் நினைவிலிருந்து சொன்னதை எப்படி நம்புவது?" அட்டையைப் பார்த்து 15ஆவது ஸ்லைட்டைத் திறந்தேன். 'வழக்கமாக எப்போது வருவீர்கள்' என்று நான் கேட்கவில்லை. பிள்ளை பிறந்த நாள், சாதாரண தரப் பரீட்சை நாள் போன்ற மறக்க முடியாத ஒரு பயணத்தைச் சொல்லச் சொன்னேன் என்று விளக்கினேன். அப்போதும் நினைவு பிழைக்கலாம் என்றேன். அவர் தலையசைத்தார். திருப்தியா இல்லையா என்று தெரியவில்லை.

சிறு திருத்தங்களுடன் சித்தி. முக்கியமான திருத்தம், ஐந்தாம் அத்தியாயத்தின் பழைய முடிவை நான் மேடையில் சொன்ன வசனத்தால் மாற்றுவது.

மாலையில் பஸ் பாலத்தில் ஏறும்போதே இருட்டிவிட்டது. வீட்டு வாசலில் உம்மா நின்றார். முதலில் அவர் கேட்டது, "நான் கேட்டதைக் கேட்டாங்களா?"

"இல்ல உம்மா. அதை நானே சொல்லிட்டன்" என்றேன்.