கடைக்காரர் எழுத வேண்டிய மூன்று பக்கம்

காங்கேயத்தில் எங்கள் பெரியம்மா மகளும் அவர் வீட்டுக்காரரும் மரச்செக்கு எண்ணெய்க் கடை நடத்துகிறார்கள். கடைக்குப் பல வருடங்களுக்கு முன்பு செய்த ஒரு வெப்சைட் உண்டு. போனில் திறந்தால் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும். அதில் இருப்பது என்றைக்கோ இருந்த விலை. அதைப் புதிதாகச் செய்ய மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டார்கள். ஒருவர் 25,000 ரூபாய் என்றார், இன்னொருவர் 85,000, மூன்றாமவர் 2,10,000. யார் ஏமாற்றுகிறார் என்று அக்கா என்னிடம் கேட்டார். யாரும் ஏமாற்றவில்லை. “வெப்சைட் பழசாயிருச்சு, புதுசா பண்ணணும்” என்று மட்டும் கேட்டதால் ஒவ்வொருவரும் தன் மனதில் இருந்த வெப்சைட்டுக்கு விலை சொல்லியிருந்தார்கள். ஒருவர் நினைத்தது படமும் முகவரியும் போட்ட ஐந்து பக்கம். இன்னொருவர் நினைத்தது ஆர்டர் எடுத்துப் பணம் வாங்கும் ஆன்லைன் கடை. மூன்றாமவர் அதோடு தனி ஆப்பும் சேர்த்திருந்தார்.

கடைக்காரருக்கும் டெவலப்பருக்கும் நடுவில் உட்கார்ந்து வேலைக்குறிப்பு எழுதித் தருவது என் தொழில். என்ன பக்கங்கள், என்ன வசதிகள், எவ்வளவு பணம், என்றைக்குத் திறப்பு என்று மூன்று பக்கத்துக்குள் அடங்கும் ஒரு குறிப்பு அது. அதை டெவலப்பர் எழுதக்கூடாது, கடைக்காரர்தான் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடைக்கு யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். அந்தக் குறிப்பின் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும்.

அதனால் அக்காவிடம் எந்த வெப்சைட் அழகாக இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கடை போனுக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளை வரிசையாகப் படிக்கச் சொன்னேன். இன்றைக்குத் தேங்காயெண்ணெய் என்ன விலை? சென்னைக்கு அனுப்பினால் கூரியர் எவ்வளவு? நல்லெண்ணெய் அடியில் மண்டி நிற்கிறதே, கெட்டுப்போய்விட்டதா? எங்கள் வீட்டுக் கொப்பரையைக் கூலிக்கு ஆட்டித் தருவீர்களா? திரும்பத் திரும்ப வந்தவை இந்த நான்குதான். பக்கங்களின் பட்டியல் அதிலேயே கிடைத்துவிட்டது. விலையோடு ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு பக்கம், அனுப்பும் செலவைச் சொல்லும் பக்கம், எண்ணெயைப் பக்குவமாக வைத்திருப்பது பற்றி ஒன்று, கூலிக்கு ஆட்டுவது பற்றி ஒன்று, பிறகு கடையைப் பற்றியும் முகவரியும். “எங்கள் நோக்கம்”, “எங்கள் பார்வை” என்ற இரண்டு பக்கங்கள் முதல் கொட்டேஷன் மூன்றிலும் இருந்தன. ஒரு வாடிக்கையாளரும் அவற்றைக் கேட்டதில்லை, எடுத்துவிட்டோம்.

புதுப்பிக்கும் வேலையில் பலரும் மறக்கும் இடம் பழைய பக்கங்கள். பழைய வெப்சைட்டுக்குக் கூகுளின் சர்ச் கன்சோல் இணைக்கப்பட்டிருந்தது. எந்தப் பக்கத்துக்கு என்ன சொல்லைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் என்று அதில் பார்க்கலாம். தேடி வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் முகப்புப் பக்கத்துக்கே வரவில்லை. அத்தான் எப்போதோ எழுதிப் போட்டிருந்த ‘எண்ணெய் மண்டி’ பக்கத்துக்கு நேராக வந்திருந்தார்கள். மரச்செக்கு எண்ணெயை வடிகட்டித் தெளிய வைத்தாலும் கொஞ்சம் மண்டி நிற்கும், மேலாக ஊற்றிக்கொள்ளலாம் என்று நான்கு பத்தியில் எழுதியிருந்தார். புது வெப்சைட்டில் அந்தப் பக்கத்தின் முகவரி மாறி, பழைய முகவரி அப்படியே விடப்பட்டால், கூகுளிலிருந்து வருகிறவர் “பக்கம் இல்லை” என்ற அறிவிப்பைப் பார்த்துத் திரும்பிப் போவார். சில வாரங்களில் கூகுளும் அந்த முகவரியைக் கைவிட்டுவிடும். எனவே பழைய முகவரிகள் ஒவ்வொன்றுக்கும் எதிரில் புது முகவரியை எழுதி, நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும் என்று குறிப்பில் சேர்த்தோம். டெவலப்பருக்கு இது ஒரு பக்கத்துக்கு ஒரு வரி வேலை:

```
Redirect 301 /mandi.html /ennai-mandi/
```

சர்ச் கன்சோல் இல்லாதவர்கள் கூகுளில் `site:` என்று அடித்து, இடைவெளி விடாமல் தங்கள் வெப்சைட் பெயரைச் சேர்த்துத் தேடினால் கூகுள் அறிந்த பழைய பக்கங்கள் ஓரளவு தெரியும். அதை வைத்தே பட்டியல் போடலாம்.

அடுத்தது வசதிகள். “விலை மாற்றும் வசதி” என்று எழுதினால் போதாது. அது முடிந்ததா இல்லையா என்று கடைக்காரரே சோதித்துச் சொல்லும்படி எழுத வேண்டும். நாங்கள் எழுதியது இது: “அக்கா தன் போனிலிருந்து, யார் உதவியும் இல்லாமல், எந்த எண்ணெயின் விலையையும் மாற்றுவார். மாற்றிய ஐந்து நிமிடத்துக்குள் வேறு எந்தப் போனில் திறந்தாலும் புது விலை தெரிய வேண்டும்.” கொப்பரை விலை ஏறி இறங்கும்போது கடையின் விலையும் மாறும், அதற்காக ஒவ்வொரு முறையும் டெவலப்பரைக் கூப்பிட முடியாது.

இந்த வாக்கியத்தின் பின்பாதி சோதனையின்போது பயன்பட்டது. அக்கா விலையை மாற்றினார், அவர் போனில் உடனே மாறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான் போனில் பழைய விலையே நின்றது. பக்கம் வேகமாகத் திறப்பதற்காக, வெப்சைட் ஓடும் வேர்ட்பிரஸில் போட்டிருந்த கேஷ் பிளகின் அதன் ஒரு நகலை எடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு அந்த நகலையே காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே லாகின் செய்தவருக்கு நகல் காட்டாது. அதனால் அக்காவுக்குத் தெரியவில்லை. விலை மாறினால் நகலையும் அழிக்கும்படி அமைத்ததும் சரியாயிற்று. எழுத்தில் இல்லாவிட்டால் இது வாடிக்கையாளரோடு விலைத் தகராறாக வந்திருக்கும்.

எதைச் சேர்க்க வேண்டாம் என்பதும் வசதிகளின் கீழ்தான் வரும். டெவலப்பர் கோயம்புத்தூர்ப் பையன். அனுப்பும் செலவைக் கணக்கிடும் வசதி பற்றிப் பேசும்போது கேட்டான், “பாட்டிலுக்கு எடைய வெச்சு கூரியர் கணக்கு போட்டர்லாங்க்கா. 15 கிலோ டின்னுக்குன்னா லாரி ஆபீஸ் ரேட் எல்லாம் ஏத்தணும். மாசம் எத்தன டின் போகுது?”

“நாலஞ்சு போகும் கண்ணு.”

“அப்ப அதுக்கு ஒரு வாட்ஸ்அப் பட்டன் போதுங்க்கா. நீங்களே பேசி விலை சொல்லிருங்க.”

அந்த ஒரு கேள்வியில் 12,000 ரூபாய் குறைந்தது. நல்ல டெவலப்பரை நான் இப்படித்தான் அடையாளம் காண்கிறேன். கேட்ட எல்லாவற்றுக்கும் சரி என்பவரைவிட, அது எத்தனை பேருக்குப் பயன்படும் என்று கேட்பவர் கடைக்கு வேண்டியவர்.

பணத்தைப் பற்றி ஒரு தயக்கம் நம்மிடம் உண்டு. கையில் இருப்பதைச் சொன்னால் அதையே கேட்டுவிடுவார்கள் என்று மறைத்துவிடுகிறோம். மறைத்தால் முதலில் சொன்ன மூன்று கொட்டேஷன்போல ஒப்பிடவே முடியாத மூன்று விலை வரும். வேலை முழுவதும் எழுத்தில் இருக்கும்போது பணத்தையும் எழுதலாம். நாங்கள் 80,000 ரூபாய் என்று எழுதினோம். தொடங்கும்போது 24,000, வடிவமைப்பை ஒப்புக்கொண்ட பின் 24,000, சோதனைத் தளத்தில் குறிப்பிலுள்ள எல்லாம் ஓடிய பின் 24,000, திறந்து ஒரு மாதம் கழித்து மீதி 8,000. கடைசித் தொகை சிறியதுதான், ஆனால் அந்த ஒரு மாதத்தில்தான் சின்னச் சின்னக் குறைகள் வெளிப்படும். டெவலப்பர் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவரானால் இதற்கு மேல் 18 சதவீதம் வரும். கொட்டேஷனில் அது சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். டொமைன், ஹோஸ்டிங், பராமரிப்பு ஆகிய வருடச் செலவுகளைத் தனியாக எழுத வேண்டும். டொமைன் கடைக்காரரின் பெயரிலும் அவருடைய ஈமெயிலிலும் இருக்க வேண்டும் என்பதை நான் எந்தக் குறிப்பிலும் விடுவதில்லை. பழைய டெவலப்பரின் ஈமெயிலில் டொமைன் இருந்து, அவர் வெளிநாடு போய், புதுப்பிக்கும் நினைவூட்டல் யாருக்கும் வராமல் பெயரையே இழந்த கடையை நான் பார்த்திருக்கிறேன்.

தேதிக்கு வருவோம். தீபாவளிப் பலகாரத்துக்குத்தான் கடையில் எண்ணெய் அதிகம் போகும், அதனால் தீபாவளிக்கு முந்தின வாரம் திறக்கலாம் என்றார் அக்கா. வேண்டாம் என்றேன். கூட்டமான வாரத்தில் ஆர்டர் ஒன்று சிக்கினால் அதைக் கவனிக்கக் கடையில் ஆள் இருக்காது. வியாபாரம் மந்தமாக இருக்கும் ஆடிக் கடைசியில் திறந்தால், குறைகளைச் சரிசெய்யத் தீபாவளிக்கு முன் தாராளமாக நேரம் இருக்கும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினோம். சோதனைக்கு இரண்டு வாரம், கட்டுவதற்கு நான்கு, வடிவமைப்புக்கு இரண்டு, படமும் எழுத்தும் திரட்ட மூன்று. அதாவது வைகாசி நடுவில் தொடங்க வேண்டும்.

பெரும்பாலான வெப்சைட்டுகள் தாமதமாவது டெவலப்பரால் அல்ல, படமும் எழுத்தும் திரட்டும் அந்த மூன்று வாரத்தால். அவை கடைக்காரர் தர வேண்டியவை. பாட்டில் படங்கள், அதிகபட்ச விலை, நிகர அளவு, தயாரிப்பாளர் முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் ஆன்லைன் விற்பனைக்குத் தேவை. பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே நிறுவனங்கள் வெப்சைட்டைப் பார்த்துத்தான் கணக்கைத் திறப்பார்கள். பணம் திருப்பித் தரும் விதி, அனுப்பும் விதி, தனியுரிமைக் கொள்கை, தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திறக்கும் வாரத்தில் இது தெரிந்தால் தேதி போய்விடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் எதிரில் யார், என்றைக்குள் என்று எழுதினோம். பாட்டில் உடைந்தால் என்ன செய்வோம் என்பதை அக்கா எழுத வேண்டியிருந்தது. எழுதும்போதுதான் அதற்குக் கடையில் ஒரு விதியே இல்லை என்று தெரிந்து, அவரும் அத்தானும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள்.

திறக்கும் நாளுக்கென்று இரண்டு வரிகளும் குறிப்பில் உண்டு. சோதனைத் தளத்தைக் கூகுள் காட்டாமலிருக்க டெவலப்பர் போட்டுவைக்கும் `noindex` என்ற தடையைத் திறந்ததும் எடுக்க வேண்டும். மறந்தால் புது வெப்சைட் தேடலில் வரவே வராது. வெப்சைட்டைப் புது ஹோஸ்டிங்குக்கு மாற்றும்போது நேம்சர்வரும் மாறினால், ஈமெயிலுக்கான MX பதிவுகளையும் கூடவே கொண்டுபோக வேண்டும்; விட்டால் கடையின் ஈமெயில் நின்றுவிடும். நாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திறந்தோம். அன்று மாலையும் மறுநாளும் டெவலப்பர் வேலையில் இருப்பார் என்பதுதான் காரணம்.

உங்கள் கடை வெப்சைட்டைப் புதுப்பிக்க நினைத்தால், கொட்டேஷன் கேட்பதற்கு முன் கடை போனை எடுத்துக் கடந்த மாதத்துச் செய்திகளைப் படியுங்கள். வாடிக்கையாளர் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை எழுதி, அதன் கீழ் பக்கங்கள், வசதிகள், பணம், தேதி என்ற வரிசையில் உங்கள் கைப்படவே எழுதுங்கள். அந்த ஒரே குறிப்பை மூன்று டெவலப்பர்களுக்கும் அனுப்புங்கள். அப்போது வரும் மூன்று விலைகளைத்தான் ஒப்பிட முடியும்.