சான்றிதழில் இல்லாத வரி

மருந்து ஆலையின் கிடங்கில் கிளிசரின் டிரம்கள் இறங்கி, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிக் குவாரன்டைன் பகுதிக்குப் போகும் நேரத்தில், அவற்றோடு வந்த தாள் தரக்கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடுகிறது. அதைப் பகுப்பாய்வுச் சான்றிதழ் என்று யாரும் சொல்வதில்லை, ‘சி.ஓ.ஏ.’தான். சென்னையை ஒட்டிச் சிரப் தயாரிக்கும் ஓர் ஆலையில், இந்தத் தாளைப் படித்து உள்வரும் பொருள் ஆய்வுப் பதிவேட்டில் ஏற்றுகிறவர்களின் வேலையைக் கவனிக்கப் போயிருந்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் அது நகலெடுக்கும் வேலை. தாளில் பரிசோதனையின் பெயர், வரம்பு, முடிவு, ‘பாஸ்’ என்று நான்கு பத்திகள் இருக்கின்றன. பதிவேட்டிலும் கிட்டத்தட்ட அதே பத்திகள். ஆனால் அவர்கள் வேலை செய்யும் ஒழுங்கைப் பார்த்த பிறகு எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: சப்ளையரின் தாளிலிருந்து நாம் நம்பி எடுக்கக்கூடியது முடிவு என்ற ஒரு பத்தியை மட்டுமே. பரிசோதனைப் பட்டியலும் வரம்பும் வாங்குகிறவரின் சொந்த ஸ்பெக்கிலிருந்து வர வேண்டும். தேர்ச்சியா இல்லையா என்ற தீர்ப்பை வாங்குகிறவரே எழுத வேண்டும்.

இதற்கு முதல் காரணம், தாளில் இல்லாத வரி. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக நகலெடுப்பவர், அதில் இருப்பதை மட்டுமே காண்பார். அந்த அறையில் வேலை நேர்மாறாக நடக்கிறது. ஆலையின் ஸ்பெக்கில் உள்ள பரிசோதனைகள் பதிவேட்டில் முன்கூட்டியே அச்சாகியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே சான்றிதழில் பதில் தேடுகிறார்கள். பதில் இல்லாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடாமல் ‘தரப்படவில்லை’ என்று எழுதுகிறார்கள். கிளிசரினில் அப்படி விடுபடக் கூடாத வரி டைஎத்திலீன் கிளைக்கால். சிறுநீரகத்தைச் சிதைக்கும் இந்தத் தொழிற்சாலைக் கரைப்பானுக்குக் கிளிசரினில் அனுமதிக்கப்பட்ட உச்சம் 0.10 சதவீதம். மற்ற எல்லாச் சோதனைகளும் தேறியிருந்தால் இதுவும் சரியாகத்தானே இருக்கும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் அந்த எண்ணம் உடைகிறது. கிளிசரினின் ஒளிவிலகல் எண் சுமார் 1.474, அடர்த்தி 1.261, டைஎத்திலீன் கிளைக்காலுக்கு அவை சுமார் 1.447, 1.118. கிளிசரினில் ஒரு சதவீதம் இந்த நஞ்சு கலந்தால் ஒளிவிலகல் எண் 1.4737 அளவில் நிற்கும்; 1.470 முதல் 1.475 வரையான வரம்புக்குள் அது தேறிவிடும். அடர்த்தி 1.2596 ஆகும்; அதுவும் தேறும். தூய்மை 99 சதவீதமாக இறங்கினாலும், 98.0 சதவீதத்தைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கும் ஸ்பெக்கில் அதுவும் தேறும். நஞ்சோ வரம்பைப் போலப் பத்து மடங்கு. எல்லா வரிகளிலும் ‘பாஸ்’ வாங்கிய அந்தச் சான்றிதழில் பொய் ஒன்றும் இருக்காது. கேட்க வேண்டிய ஒரு கேள்விக்கு அதில் பதில் இருக்காது, அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம், வரி இருந்தும் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாத நிலை. டைஎத்திலீன் கிளைக்காலுக்கு எதிரே ஒரு சப்ளையர் ‘கம்ப்ளைஸ்’ என்று மட்டும் போடுகிறார். அது அவருடைய தீர்ப்பே தவிர, அளவீடு அல்ல. எந்த வரம்புக்கு எதிராகச் சொன்னார் என்பது தெரியாமல் அதற்குப் பொருளில்லை. இன்னொருவர் ‘0.1%’ என்று எழுதுகிறார். நம் வரம்பு 0.10, எண்கள் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. ஆனால் ஒரே ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கிய 0.1 என்பது 0.05-லிருந்து 0.15-க்குச் சற்றுக் குறைவு வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். பாதி வீச்சு வரம்புக்குள்ளே, பாதி வெளியே. இதைப் பதிவேட்டில் ‘0.10’ என்று ஏற்றுகிறவர், ஆய்வகம் அளக்காத ஓர் இலக்கத்தைத் தானே உண்டாக்கிவிடுகிறார். ஆகவே முடிவு தாளில் எப்படி இருக்கிறதோ அப்படியே, சின்னமும் தசமமும் அலகும் மாறாமல் ஏற வேண்டும். ‘620 பி.பி.எம்.’ என்றால் அப்படியே எழுதி, பக்கத்தில் 0.062 சதவீதம் என்று மாற்றிக் காட்ட வேண்டும். ‘கண்டறியப்படவில்லை’ என்றிருந்தால் அந்தச் சோதனை எவ்வளவு சிறிய அளவுவரை கண்டறியக்கூடியது என்று சப்ளையரிடம் கேட்டு எழுத வேண்டும். அதைச் சுழியம் என்று பதிவது தவறு.

அளவீடு தெளிவாக இருந்தும் ஏமாற்றக்கூடிய இடம் ஒன்று உண்டு. தூய்மை 95.6 சதவீதம் என்று ஒரு தாள் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 98.0 கேட்கும் ஸ்பெக்கில் இது தோல்விபோலத் தெரியும். ஆனால் அந்த எண் பொருளை உள்ளபடியே எடுத்து அளந்தது. ஸ்பெக் கேட்பது நீரை நீக்கிய கணக்கில். அதே தாளில் நீர் 4.0 சதவீதம் என்று இருந்தால், 95.6-ஐ 0.96-ஆல் வகுக்க 99.6 வருகிறது, தூய்மை தேறிவிட்டது. அத்தோடு முடியவில்லை. அந்த 4.0 சதவீத நீரை அமெரிக்க மருந்துத் தரநூல் ஏற்கிறது, அதன் வரம்பு 5.0, ஐரோப்பியத் தரநூல் ஏற்காது, அதன் வரம்பு 2.0. சப்ளையர் அச்சிட்ட ‘பாஸ்’ முதல் நூலின்படி நேர்மையானது. இரண்டாவது நூலைப் பின்பற்றும் ஆலைக்கு அதே டிரம் தோல்வி. சப்ளையரின் வரம்பையும் பதிவேட்டில் தனிப் பத்தியில் குறித்து வைப்பது நல்லது. எங்கே அவர் நம்மைவிடத் தளர்வாக இருக்கிறார் என்பதைக் காட்டவே அது. அளவுகோலாகப் பயன்படுத்த அல்ல.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது: “எப்படியும் நம் ஆய்வகத்தில் சோதிக்கத்தானே போகிறோம், சான்றிதழுக்கு ஏன் இத்தனை பாடு?” டைஎத்திலீன் கிளைக்காலைப் பொறுத்தவரை இந்த வாதத்தின் முதல் பாதி முழுச் சரி. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007 முதலே, ஒவ்வொரு லாட்டிலும் ஒவ்வொரு கொள்கலனிலிருந்தும் மாதிரி எடுத்து உற்பத்தியாளரே இதைச் சோதிக்கச் சொல்கிறது; எந்தச் சான்றிதழும் அதற்கு மாற்றாகாது. ஆனால் மற்றப் பரிசோதனைகள் பலவற்றில் சப்ளையரின் முடிவை ஏற்றுக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன, அவருடைய நம்பகத்தன்மையை அவ்வப்போது சொந்த ஆய்வால் உறுதிசெய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவர் சொன்ன எண்ணும் நாம் கண்ட எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் பதிவாகியிருந்தால்தான் அந்த உறுதி சாத்தியம். ‘கம்ப்ளைஸ்’ என்ற சொல்லை எந்த எண்ணோடும் ஒப்பிட முடியாது. பி.டி.எஃப்.-லிருந்து எண்களைத் தானே உருவி எடுக்கும் மென்பொருள் இருக்கிறதே என்றும் கேட்கலாம். தட்டச்சுப் பிழையை அது குறைக்கும். ஆனால் வரம்பையும் சேர்த்து அதே தாளிலிருந்து உருவினால், மேலே சொன்ன தவறு அத்தனையும் வேகமாக நடக்கும்.

எண்களுக்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவை தாளின் தலைப்பில் இருக்கின்றன: உண்மையான உற்பத்தியாளர் யார், பேட்ச் எண் டிரம்மின் லேபிளோடு பொருந்துகிறதா, ஆய்வு செய்த தேதி எது. 1995–96-இல் ஹெய்ட்டியிலும் 2006-இல் பனாமாவிலும் மக்களைக் கொன்ற மருந்துகளில் இருந்த போலிக் கிளிசரின், வணிகர்கள் பலரின் கை மாறி, தூய்மைச் சான்றிதழோடுதான் வந்தது. பனாமாவுக்குப் போன சரக்கில், வழியில் சான்றிதழ் மறுபடி எழுதப்பட்டு உற்பத்தியாளரின் பெயரே மறைந்தது. 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருப்பதைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு காட்டியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் அதைக் குடித்த குழந்தைகள் இறந்தார்கள். பதிவேடு எழுதுகிறவருக்கு ஆலை நிர்வாகங்கள் தர வேண்டியது, சப்ளையரின் ‘பாஸ்’ மேல் ‘தரப்படவில்லை’ என்று எழுதி டிரம்மை நிறுத்தி வைக்கும் அதிகாரம். அது இல்லாத ஆலையில் அந்தப் பதிவேடு சப்ளையரின் தாளுக்கு இன்னொரு நகல் மட்டுமே.