கடுஞ்சொல்லும் கண்ட வளர்ச்சியும்

பின்னலாடைத் தொழிலில் தரக்கட்டுப்பாட்டுப் பணிக்கு ஆள் தெரிவுசெய்யும் குழுவில் பல்லாண்டுகள் அமர்ந்திருக்கிறேன். வருவோர் அனைவரிடமும் நான் தவறாமல் கேட்கும் வினா ஒன்றுண்டு: “உங்கள் மேலாளர் உங்களைக் கடுமையாகக் குறைகூறிய நிகழ்வு ஒன்றைச் சொல்லுங்கள்.” எளிய வினாதான், ஆயினும் பலர் தடுமாறுவது இங்கேதான்.

சிலர், “என்னை யாரும் குறைகூறியதே இல்லை” என்பர். சிலர், “அளவுக்கு மீறி உழைக்கிறேன் என்று கடிந்துகொண்டார்” எனப் புகழையே குறையாக மாற்றிச் சொல்வர். வேறு சிலர் பழைய மேலாளரின் குணக்கேடுகளை அடுக்கத் தொடங்குவர். இம்மூன்று விடைகளிலும் பேசுபவர் மாறியதற்கான தடயம் இல்லை. குழு தேடுவதோ அந்தத் தடயத்தைத்தான்.

நான் கேட்ட நல்ல விடைகளுள் ஒன்றை இங்கே விரிவாகச் சொல்கிறேன். சொன்னவர் துணிச் சோதனைப் பிரிவில் ஈராண்டுகள் பணியாற்றிய இளம்பெண். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை கொண்டது என்று அளப்பது அவர் வேலை. இதனை ஜி.எஸ்.எம். என்பர். வட்டவெட்டி கொண்டு 100 சதுர சென்டிமீட்டர் துண்டை வெட்டி, நிறுத்து, வந்த எடையை நூறால் பெருக்க வேண்டும். துண்டின் எடை 1.80 கிராம் எனில் அளவு 180.

“180 என்று நான் பதிந்த துணிச்சுருளில் சில இடங்கள் 168 இருப்பதை வெட்டும் பிரிவினர் கண்டுபிடித்தனர். ஒப்பந்தம் ஏற்ற கீழெல்லை 171. மேலாளர் அனைவர் முன்னிலும், ‘நீ எழுதும் எண்ணை நம்பி ஒரு துண்டுத் துணியைக்கூட வெட்ட முடியாது’ என்றார்” என அவர் தொடங்கினார். கடுஞ்சொல்லை மென்மையாக்கவில்லை, சொன்னபடியே சொன்னார்.

பின்னர் தாம் செய்ததைக் கூறினார். அன்று மாலை மேலாளரிடம் சென்று, “எந்தச் சுருள், எந்த இடம் என்று காட்டுங்கள் ஐயா” என்று கேட்டிருக்கிறார். சுருளின் தொடக்கத்தில் ஒரே இடத்தில் மட்டும் வெட்டி அளந்ததே காரணம் என்று தெரிந்தது. மறுநாள் முதல் துணியின் ஓரங்களை விடுத்து, அகலவாக்கில் ஐந்து இடங்களில் வெட்டினார். சராசரியோடு மிகுந்த அளவையும் குறைந்த அளவையும் பதிவேட்டில் எழுதினார்.

விடை அத்துடன் முடிந்திருந்தால் அது வெறும் திருத்தம். அவர் மேலும் ஒன்று செய்தார். பத்துச் சுருளுக்கு ஒன்றை, தம் எண்ணை அறியாத உடன்பணியாளர் ஒருவரைக் கொண்டு மறுபடி அளக்கச் செய்தார். முதல் வாரத்தில் இருபது சோதனைகளில் நான்கு ஒத்துவரவில்லை. ஆராய்ந்தபோது, வட்டவெட்டியின் கத்தி மழுங்கித் துண்டின் விளிம்பு பிசிறியிருந்தது. கத்தியை மாற்றினார். நான்காம் வாரத்தில் இருவர் எண்களும் ஒத்தன. பிறகு மேலாளர் புதியவர்களுக்கு அவருடைய பதிவேட்டையே மாதிரியாகக் காட்டினாராம்.

மெய்யான வளர்ச்சியை இதில் காணலாம். “இனிக் கவனமாக இருப்பேன்” என்பது உறுதிமொழி. ஐந்து இடங்களில் வெட்டுவது மாறிய நடைமுறை. மாற்றம் பயன்பட்டதா என்பதைத் தாமே நம்பிக்கொள்ளாமல் பிறர் கையால் சோதித்தது அதனினும் மேல். முதல் வாரம் எல்லாம் சரியாகிவிடவில்லை என்று அவர் சொன்னதும் என் நம்பிக்கையைக் கூட்டியது. புனைந்துரைப்போர் பெரும்பாலும் ஒரே நாளில் வென்றுவிடுவர்.

புனைந்துரையைப் பிரித்தறியத் துணைவினாக்கள் உண்டு. “மேலாளர் சொன்னதில் எது நியாயமற்றது?” என்று அவரிடம் கேட்டேன். “அனைவர் முன்னிலும் சொன்னது வலித்தது. ஒரு துண்டுகூட என்றதும் மிகை. ஆனால் 168 என்ற எண் மிகையன்று, ஐயா” என்றார். சொல்லின் சூட்டையும் சொல்லிலுள்ள செய்தியையும் அவர் தனித்தனியே எடை போட்டிருந்தார். கடுமையை நியாயப்படுத்தவுமில்லை, அதைக் காட்டிச் செய்தியைத் தள்ளவுமில்லை.

இத்தகைய விடைக்கு இரண்டு நிமிடம் போதும். குறைகூறிய சொல்லுக்கு ஓரிரு தொடர்கள். காரணத்தைக் கண்டறிந்ததற்குச் சில. மாற்றிய செயலுக்கும் அதன் பயனுக்கும் மீதி நேரம். பலர் இதைத் தலைகீழாக்கி, நடந்த வருத்தத்தை விரித்துரைத்து, மாற்றத்தை ஒரே தொடரில் முடித்துவிடுவர். எடுத்துக்காட்டைத் தெரிவு செய்வதிலும் ஓர் எல்லை உண்டு: பழகித் திருத்தத்தக்க செயற்குறையைச் சொல்லலாம், எண்ணைப் பொய்யாக எழுதியதுபோன்ற நேர்மைக்குறைக்கு இவ்விடை ஈடுகொடுக்காது.

இதுவரை பணிக்குச் செல்லாத மாணவர், செய்முறைத் தேர்வில் ஆசிரியர் கடிந்ததையோ விளையாட்டுப் பயிற்சியாளர் கண்டித்ததையோ எடுத்துக்கொள்ளலாம். சொன்னவர் யாராயினும் வினா ஒன்றே: அதன்பின் உங்கள் கை எதை வேறுவிதமாகச் செய்தது? அதை உங்களைத் தவிர வேறு யார் கண்டார்?